படுக்கையில் போன்: நீல ஒளி வடிகட்டியா, எட்டாத சார்ஜரா?

படுத்த பிறகு போன் பார்ப்பதால் தூக்கம் கெடுகிறது என்று தெரிந்ததும் பெரும்பாலோர் முதலில் செய்வது திரையை மஞ்சளாக்குவது. அடுத்ததாக நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்குவார்கள். இந்த இரண்டும் எளிது, பழக்கம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் போன் பறிக்கும் நேரத்தில் ஒளியின் பங்கு சிறியது. பெரும்பங்கு, போனைக் கீழே வைக்காமல் கழியும் நேரத்துக்கும் வைத்த பிறகும் மூளை ஓடிக்கொண்டிருக்கும் நேரத்துக்கும் போகிறது. எந்தத் தீர்வைத் தேர்ந்தெடுப்பது என்பது, உங்கள் இரவில் நேரம் எந்த ஓட்டை வழியாக ஒழுகுகிறது என்பதைப் பொறுத்தது. முதலில் அதை அளக்க வேண்டும்.

ஏழு இரவுகள், மூன்று நேரங்கள்

ஒரு தாளில் ஏழு நாட்களுக்கு மூன்று நேரங்களை எழுதுங்கள்: படுத்த நேரம், போனைக் கடைசியாகக் கீழே வைத்த நேரம், தூங்கிப்போன நேரம். மூன்றாவதைக் காலையில் எழுந்து குத்துமதிப்பாக எழுதினால் போதும். இரவில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அதுவே தூக்கத்தை விரட்டும். இரண்டாவதை நினைவிலிருந்து எழுத வேண்டாம். நினைவு பெரும்பாலும் தவறும். ஆண்ட்ராய்டில் `Digital Wellbeing`, ஐபோனில் `Screen Time` பக்கத்தைத் திறந்தால் எந்த மணி வரை திரை ஓடியது என்று வரைபடமாகவே இருக்கும்.

படுத்ததிலிருந்து போனை வைத்தது வரையான இடைவெளியை 'அ' என்று வைத்துக்கொள்வோம். வைத்ததிலிருந்து தூங்கியது வரை 'ஆ'. 'அ' என்பது போன் நேரடியாக விழுங்கிய தூக்கம். ஒளியோ பரபரப்போ இல்லாவிட்டாலும் அந்த நேரம் போனதுதான். 'ஆ' என்பது போன் விட்டுச்சென்ற விளைவு. இதில்தான் ஒளிக்கும் மனக்கிளர்ச்சிக்கும் பங்கு இருக்கிறது. ஒருவருக்கு 'ஆ' 10 முதல் 20 நிமிடம் இருந்தால் அது இயல்பு. அங்கே சரிசெய்ய எதுவும் இல்லை.

ஒரு மாதிரிக் கணக்கு. ஒருவர் இரவு 10:45-க்குப் படுக்கிறார். 12:10 வரை குறுங்காணொளிகளும் குழுச் செய்திகளும். 12:35-க்குத் தூங்குகிறார், 6:15-க்கு அலாரம். தூங்கியது 5 மணி 40 நிமிடம். 'அ' 85 நிமிடம், 'ஆ' 25 நிமிடம். இந்த 110 நிமிடத்தை ஒவ்வொரு தீர்வும் எவ்வளவு மீட்டுத் தரும் என்று பார்ப்போம்.

ஒளியைப் பற்றிய உண்மை எவ்வளவு

நீல ஒளிக் கதை முழுப் பொய் அல்ல. விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட செல்கள் இருக்கின்றன. காட்சியைக் காட்டுவது அவற்றின் முதல் வேலை அல்ல. பகலா இரவா என்று உடலின் கடிகாரத்துக்குச் சொல்வதுதான் அவற்றின் வேலை. சுமார் 480 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது வானநீலப் பகுதியில், அவை மிக அதிகமாகத் தூண்டப்படுகின்றன. அந்தத் தூண்டல், இரவு வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் ஹார்மோனான மெலடோனின் சுரப்பைக் குறைக்கும். இதுவரை சரி. கேள்வி, ஒரு போன் திரை கண்ணுக்கு அனுப்பும் அளவு போதுமா என்பதுதான்.

அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு பாஸ்டனில் பிரிகம் மருத்துவமனைக் குழுவினர் நடத்தி, 2015-இல் வெளியானது. 12 பேர், மங்கிய அறையில், உறங்குவதற்கு முன் 4 மணி நேரம், முழுப் பிரகாசத்தில் வைத்த ஐபேடில் படித்தார்கள். ஐந்து இரவுகள் இப்படி, ஐந்து இரவுகள் அச்சுப் புத்தகத்தோடு. மெலடோனின் பாதிக்கு மேல் குறைந்தது, உடல் கடிகாரம் சுமார் ஒன்றரை மணி பின்னால் நகர்ந்தது. ஆனால் தூங்கிப்போக ஆன கூடுதல் நேரம் சராசரியாகப் பத்து நிமிடம்தான். நான்கு மணி நேரம், பெரிய திரை, முழு வெளிச்சம் என்று எல்லாமே உச்சத்தில் இருந்தும் அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு ஸ்வீடனின் உப்சாலாவில் நடந்த ஆய்வு இதற்கு ஒரு முக்கியமான அடிக்குறிப்பைச் சேர்த்தது. 14 பேரைப் பகலில் ஆறரை மணி நேரம் நல்ல வெளிச்சத்தில் வைத்துவிட்டு, இரவில் 2 மணி நேரம் டேப்லெட்டில் படிக்கவைத்தார்கள். மெலடோனினிலும் தூக்கத்திலும் அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இல்லை. பகல் முழுவதும் மங்கிய அறையில் இருப்பவருக்கு இரவு ஒளி உறைக்கும். பகல் வெளிச்சம் போதுமான அளவு பட்டவருக்கு அது அவ்வளவாக உறைக்காது. வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், திறந்த வெளியில் நிழலில் நின்றாலே பல ஆயிரம் கிடைக்கும், வெயிலில் அது ஒரு லட்சத்தை எட்டும். இருட்டில் முகத்துக்கு நேரே பிடித்த போன் தருவது சில லக்ஸ், முழுப் பிரகாசத்தில் சில பத்துகள்.

ஆளுக்கு ஆள் வேறுபாடு மட்டும் பெரியது. ஆஸ்திரேலியக் குழு ஒன்று 2019-இல் 55 பேரிடம் அளந்தபோது, மாலை ஒளிக்கு மிகவும் கூர்மையானவருக்கும் மிகவும் மந்தமானவருக்கும் இடையே 50 மடங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தது. அதனால் 'எனக்கு ஒளி உறுத்துகிறது' என்று ஒருவர் சொன்னால் அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அப்படிப்பட்டவருக்கும் நிறத்தை மாற்றுவதைவிட அளவைக் குறைப்பதே பலன் தரும்.

மஞ்சள் திரை, கண்ணாடி, பிரகாசம்

2021-இல் அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் 18 முதல் 24 வயது வரையான 167 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு ஐபோனின் மஞ்சள் திரை வசதியான `Night Shift` போட்டு போன் பார்த்தது, இன்னொன்று போடாமல் பார்த்தது, மூன்றாவது போனே தொடவில்லை. முதல் இரண்டுக்கும் இடையே தூக்கத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே இரவுக்கு 6.8 மணி நேரத்துக்கு மேல் தூங்குபவர்களில் மட்டும், போன் தொடாதவர்களின் தூக்கம் சற்று மேலாக இருந்தது. குறைவாகத் தூங்குபவர்களிடம் அதுவும் இல்லை. அவர்கள் எப்படியும் அசந்து தூங்கிவிடுகிறார்கள்.

வடிகட்டி ஏன் பலன் தரவில்லை என்பதற்குக் காரணம் எளிது. மஞ்சளான திரையிலும் பச்சை ஒளி இருக்கிறது. மெலனாப்சின் அதற்கும் ஓரளவு மசியும். அதைவிட முக்கியமாக, மஞ்சளானதும் திரை மங்கலாகத் தெரிகிறது, கை தானாகப் பிரகாசத்தைக் கூட்டுகிறது. ஒரு பக்கம் குறைத்ததை இன்னொரு பக்கம் சேர்த்துவிடுகிறோம். இது உங்களிடம் நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு இரவு போதும்: வடிகட்டி போடும் முன் பிரகாசப் பட்டை எங்கே இருந்தது, அரை மணி கழித்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

கடைகளில் பரவலாக விற்கும் நிறமற்ற 'ப்ளூ கட்' கண்ணாடிகள் நீல ஒளியில் சுமார் 10 முதல் 25 சதவீதத்தைத்தான் தடுக்கின்றன. மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2023-ஆம் ஆண்டின் மதிப்பாய்வு, அவற்றால் கண் அயர்ச்சி குறைவதாகக் காணவில்லை. தூக்கம் பற்றியும் தெளிவான பலனைக் காட்ட முடியவில்லை. ஆரஞ்சு நிறக் கண்ணாடிகள் உண்மையில் நிறையத் தடுக்கும். ஆனால் படுக்கையில் படுத்துக்கொண்டு அதை மாட்டியிருப்பவர்கள் குறைவு. பத்து நாளில் அலமாரிக்குப் போய்விடும்.

ஒளிக்கு ஏதாவது செய்துதான் ஆக வேண்டும் என்றால் பிரகாசமும் தூரமும்தான் சரியான இடங்கள். இக்காலப் போன் திரைகள் உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் இடையே நூறு மடங்குக்கும் மேல் மாறக்கூடியவை. எந்த வடிகட்டியும் அதன் பக்கத்தில் வராது. ஆண்ட்ராய்டு 12 முதல் `Extra dim` என்ற விரைவுப் பொத்தான் இருக்கிறது. ஐபோனில் `Settings > Accessibility > Display & Text Size > Reduce White Point` வழியாக அடிமட்டத்துக்கும் கீழே இறக்கலாம். தானியங்கிப் பிரகாசத்தை நம்ப வேண்டாம். அறையின் பெரிய விளக்கு எரியும்போது அது கூட்டி வைத்திருக்கும். தூரத்தைப் பொறுத்தவரை, முகத்திலிருந்து 20 செ.மீ.-இல் பிடித்த போனை 40 செ.மீ.-க்குத் தள்ளினால் கண்ணில் விழும் ஒளி ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகும். பக்கவாட்டில் படுத்து, தலையணையில் போனைச் சாய்த்துப் பார்ப்பதுதான் மிக மோசமான நிலை.

இன்னொன்று. படுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும் கூரையில் பெரிய வெள்ளை விளக்கு எரிந்தால், அது தரும் ஒளி மங்க வைத்த போனைவிட மிக அதிகம். 2022-இல் உறக்க, ஒளி ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை, உறங்குவதற்கு முந்தைய 3 மணி நேரத்தில் கண்ணில் விழும் ஒளி, மெலனாப்சினின் உணர்திறனை வைத்துக் கணக்கிடும் லக்ஸில் 10-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. கூரை விளக்கை அணைத்துவிட்டு ஒரு சிறிய மஞ்சள் மேசை விளக்குக்கு மாறுவது, போன் வடிகட்டியைவிட உருப்படியான மாற்றம்.

நம் மாதிரிக் கணக்குக்கு வருவோம். ஒளியை முழுக்கவே இல்லாமல் ஆக்கி, பாஸ்டன் ஆய்வில் கண்ட பத்து நிமிடமும் அப்படியே திரும்பக் கிடைத்தது என்றே வைப்போம். 110 நிமிடத்தில் 10. மீதி 100 அப்படியே கிடக்கிறது.

மனக்கிளர்ச்சி: எதைப் பார்க்கிறீர்கள் என்பது

அந்த 100-இல் பெரும்பகுதி 'அ', அதாவது வைக்க முடியாமை. இதை விளக்க மூன்று கேள்விகள் போதும். பார்ப்பதற்கு ஒரு முடிவு உண்டா? அது உங்களிடம் பதில் எதிர்பார்க்கிறதா? அடுத்து என்ன என்று அறியத் துடிக்கவைக்கிறதா?

குறுங்காணொளி ஓடைக்கு முடிவே கிடையாது. நிறுத்த ஒரு இயற்கையான இடம் இல்லாததால் ஒவ்வொரு முறையும் மன உறுதியைத்தான் செலவழிக்க வேண்டும். இரவு பதினொன்றரைக்கு அது மிச்சமிருப்பதில்லை. செய்தி உரையாடல் வேறு விதம். அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நிலை, போனை வைத்த பிறகும் தொடரும். அலுவலக மின்னஞ்சல்தான் எல்லாவற்றிலும் கெட்டது. அதைப் படிக்க இரண்டு நிமிடம் ஆகும், ஆனால் நாளைக் காலை சரிசெய்ய வேண்டிய ஒன்றை அது தலைக்குள் ஏற்றிவிட்டுப் போகிறது. 'அ' 5 நிமிடமாகவும் 'ஆ' 60 நிமிடமாகவும் இருப்பவர்களின் கடைசிப் பார்வை பெரும்பாலும் மின்னஞ்சலிலோ பணக் கணக்கிலோ வாக்குவாதத்திலோ முடிந்திருக்கும்.

மறுபக்கம், ஏற்கெனவே பார்த்த ஒரு தொடரின் ஓர் அத்தியாயம், ஒலிப் புத்தகம், மெதுவான உரை ஆகியவற்றுக்கு மூன்று கேள்விகளுக்குமே நல்ல பதில். முடிவு உண்டு, பதில் கேட்காது, என்ன நடக்கும் என்று தெரியும். ஒலி மட்டும் என்றால் திரையை அணைத்துவிடலாம், ஒளிப் பிரச்சினையும் அங்கேயே தீரும். ஐபோனில் `Clock` செயலியின் `Timer`-இல் `When Timer Ends` என்பதில் `Stop Playing` தேர்ந்து 20 நிமிடம் வைத்தால் தானாக நின்றுவிடும். ஒலிப் புத்தகச் செயலிகள் பலவற்றில் உறக்க டைமர் உள்ளேயே இருக்கிறது. இங்கே நடக்கும் தவறு: ஒலி நின்றதும் திரையைத் திறந்து மறுபடி போடுவது. திறந்த கையோடு அறிவிப்புகள் கண்ணில் படும். போனைத் திரை கீழ்நோக்கி, கை எட்டாத இடத்தில் வைத்து, ஸ்பீக்கரில் மெல்லக் கேட்பது இதைத் தடுக்கும்.

நேர வரம்பா, எட்டாத சார்ஜரா

'அ' பெரிதாக இருப்பவருக்கு இந்த இரண்டுக்கும் இடையேதான் உண்மையான தேர்வு.

செயலி நேர வரம்பு தொடக்கத்தில் நன்றாக வேலை செய்யும். பிறகு `Ignore Limit` பொத்தானை விரல் பழகிக்கொள்ளும். ஒரு வாரத்தில் அது தடையே அல்ல, இன்னொரு தட்டல் அவ்வளவுதான். இதைக் காப்பாற்ற ஒரே வழி, ஐபோனில் `Lock Screen Time Settings` வழியாக வீட்டில் இன்னொருவர் கடவுச்சொல் வைத்து, `Block at End of Limit` போடுவது. உங்களுக்கே தெரிந்த கடவுச்சொல் பூட்டாகாது. ஆண்ட்ராய்டின் `Bedtime mode` திரையைச் சாம்பல் நிறமாக்கி அறிவிப்புகளை அடக்கும். சாம்பல் நிறத்தால் காணொளியின் கவர்ச்சி குறைவது உண்மை, ஆனால் எழுத்து உரையாடலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

சார்ஜரை இடம் மாற்றுவது இதைவிட முரட்டுத்தனமானது, அதனால்தான் அதிக நாள் நிற்கிறது. விதி ஒன்றுதான்: படுத்தபடி கையை நீட்டி எடுக்க முடியக்கூடாது, எழுந்து நிற்க வேண்டும். வேறு அறை என்றால் இன்னும் நல்லது. ஒரே அறைதான் என்றால் கதவுப் பக்கச் சுவர். நீளமான கேபிள் இருந்தால் அது மூன்றாம் நாளே கட்டிலுக்கு வந்துவிடும். ஒரு மீட்டருக்கு மேல் வேண்டாம்.

இதைவிடவும் முக்கியமானது எப்போது வைப்பது என்பது. படுத்த பிறகு எழுந்து வைக்கலாம் என்பது நடக்காது. பல் துலக்கப் போகும் முன் சார்ஜரில் மாட்டிவிடுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் நின்றுகொண்டிருக்கிறீர்கள், போர்வைக்குள் இல்லை, முடிவு எடுப்பது எளிது.

சார்ஜர் திட்டம் தோற்கும் காரணங்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று அலாரம். 'அலாரத்துக்காகத்தான் பக்கத்தில் வைத்தேன்' என்பதில் திட்டமே கரைந்துபோகும். தனியாக ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வேண்டும், அதன் முகம் உங்களைப் பார்க்காமல் திரும்பியிருக்கட்டும். இரண்டாவது அவசர அழைப்பு. தொந்தரவு செய்யாதே நிலையில் குறிப்பிட்ட சிலரின் அழைப்பை மட்டும் அனுமதித்து, மணியோசையை முழுதாக வைத்தால் அடுத்த அறையிலிருந்தும் கேட்கும்.

இன்னொரு பிரச்சினை, கை வெறுமையானதும் மனம் கவலைகளைக் கிளறத் தொடங்குவது. போன் பலருக்கு அந்தக் கவலையை மூடிய துணி. அதை உருவினால் 'அ' குறைந்து 'ஆ' ஏறும். இதற்கு ஒரு சிறிய, சோதித்துப் பார்க்கப்பட்ட வழி உண்டு. அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் 2018-இல் வெளியான ஆய்வில் 57 பேரைப் படுக்கும் முன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். அடுத்த சில நாட்களில் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விரிவாக எழுத எழுத விரைவாகத் தூக்கம் வந்தது. 'வங்கி' என்று ஒற்றைச் சொல்லாக அல்ல, 'காலை பத்து மணிக்கு வங்கிக்கு அழைத்துத் தவணைத் தேதியைக் கேட்க வேண்டும்' என்று எழுதுங்கள். போனில் அல்ல, தாளில்.

மாதிரி ஆளிடம் இதைப் பொருத்திப் பார்க்கலாம். காணொளி வேண்டாம் என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை, பகலெல்லாம் வேலை பார்த்தவருக்கு அந்த நேரம்தான் சொந்த நேரம். அதனால் அதை முன்னால் நகர்த்துகிறார்: 9:50 முதல் 10:30 வரை நாற்காலியில் உட்கார்ந்து, அலாரம் வைத்துக்கொண்டு பார்க்கிறார். 10:30-க்குப் போன் கதவுப் பக்கச் சார்ஜருக்குப் போகிறது, ஐந்து நிமிடப் பட்டியல், பிறகு பல் துலக்கல், 10:45-க்குப் படுக்கை. படுக்கையில் போன் இல்லை என்பதால் 'அ' பூஜ்யம். 'ஆ' பழைய 25 நிமிடமாகவே இருந்தாலும் 11:10-க்குத் தூங்குகிறார். வடிகட்டி 10 நிமிடம் தர முயன்ற இடத்தில் இது 85 நிமிடம் தருகிறது, தூக்கம் 7 மணி 5 நிமிடமாகிறது. வாரத்தில் இரண்டு இரவு தவறினாலும் கணக்கு அவர் பக்கம்தான்.

ஒளிக்கு முன்னுரிமை தர வேண்டியவர்கள்

விடுமுறையிலும் இரவு இரண்டு மணிக்கு முன் தூக்கமே வராதவர், விட்டால் காலை பத்து வரை நன்றாகத் தூங்குபவர், இவருக்குப் பிரச்சினை போன் அல்ல, பின்னால் தள்ளிப்போன உடல் கடிகாரம். வளரிளம் பருவத்தில் இது அதிகம். இவருக்கு மாலை வெளிச்சத்தைக் குறைப்பதும், எழுந்தவுடன் அரை மணி நேரம் வெளியே வெளிச்சத்தில் இருப்பதும் முதல் மருந்து. இரண்டில் காலை வெளிச்சம்தான் அதிகம் தவறவிடப்படுகிறது.

வேறொரு வகையினர், போனை வைத்துவிட்டும் வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதங்களாகத் தூக்கம் வராமல் கிடப்பவர்கள். இது நாள்பட்ட தூக்கமின்மை. இதற்கு முதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படுவது தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் முன்வைத்த முறை அதன் ஒரு பகுதி: சுமார் இருபது நிமிடமாகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் படுக்கையை விட்டு எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் அமைதியான ஏதாவது செய்து, தூக்கம் கண்ணைச் சொக்கும்போது மட்டும் திரும்புவது. படுக்கை விழித்திருக்கும் இடமாகப் பழகிப்போனதை இது மெல்ல மாற்றும். போனோடு படுத்துக் கிடப்பது அந்தப் பழக்கத்தை வலுப்படுத்துகிறது. ஆனால் போனை எடுத்துவிட்டால் மட்டும் அது கலையாது.

எந்த மாற்றத்தையும் ஒன்றாகச் சேர்த்துத் தொடங்க வேண்டாம். 'அ' 30 நிமிடத்துக்கு மேல் என்றால் சார்ஜர், 'ஆ' 30-க்கு மேல் என்றால் கடைசியாகப் பார்ப்பதை மாற்றுவதும் ஐந்து நிமிடப் பட்டியலும். 14 இரவுகள் கழித்து அதே மூன்று நேரங்களை மறுபடி எழுதுங்கள். 'அ' சுருங்கி, 'ஆ' அசையாமல் 45 நிமிடத்திலேயே நின்றால் இனி போனில் தேட வேண்டியது ஒன்றும் இல்லை. பிற்பகலுக்கு மேல் குடிக்கும் காபி, தேநீர், மாலைக் குட்டித் தூக்கம், மாத்திரைகள், குறட்டையோடு மூச்சுத் திணறல் ஆகியவற்றைப் பட்டியலிட்டு மருத்துவரிடம் அந்தத் தாளையே காட்டலாம்.